கண்ணை நம்பாமல் பட்டியலை நம்பி ஒரு மின்தடைச் சிக்கலை அவிழ்த்த கதை

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நண்பன் ஒருவன் பயிற்சித்தாள் ஒன்றைப் போட்டோ எடுத்து அனுப்பினான். சாய்வாக எடுத்த படம், ஒரு மூலையில் அவன் விரலின் நிழல். நடுவில் பதினான்கு மின்தடைகள் நூல்கண்டு போலப் பின்னிக் கிடந்தன. A, B முனைகளுக்கு இடையே 12 வோல்ட் பேட்டரி. தொகுபயன் மின்தடை என்ன, ஒவ்வொரு மின்தடையிலும் ஓடும் மின்னோட்டம் என்ன என்பதே கேள்வி. முதல் முயற்சியில் எனக்கு முக்கால் மணி நேரம் வீணானது. இரண்டாவது முறை பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. நடுவில் நான் மாற்றிக்கொண்டது ஒன்றுதான்: படத்தைப் பார்த்துப் போடுவதை விட்டுவிட்டுப் பட்டியலைப் பார்த்துப் போட்டேன்.

முதலில் சறுக்கிய இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இடப்பக்கம் A, வலப்பக்கம் B. நடுவில் மேலே P1, Q1. கீழே P2, Q2. P1-இலிருந்து Q2-க்கு ஒரு குறுக்குக் கம்பி, P2-இலிருந்து Q1-க்கு இன்னொன்று. இரண்டும் நடுவில் ஒன்றையொன்று தாண்டிப் போகின்றன. அந்த இடத்தில் போட்டோவில் ஒரு கருப்புப் புள்ளி தெரிந்தது. சந்திதான் என்று நினைத்து அதற்கு X என்று பெயரும் வைத்தேன். குறுக்குக் கம்பிகளின் மின்தடைகள் இரண்டுமே படத்தின் மேல்பாதியில் வரையப்பட்டிருந்தன. அதனால் X-இலிருந்து P2-க்கும் Q2-க்கும் வெறும் கம்பி மட்டுமே மிஞ்சியது. அதாவது P2-வும் Q2-வும் ஒரே புள்ளியாகிவிட்டன. மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே மாதிரி இல்லாமல் போயின. மூன்று மாறிகள், பக்கம் முழுக்க அசிங்கமான பின்னங்கள்.

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். P2-க்கும் Q2-க்கும் நடுவே ஒரு 4 ஓம் இருந்தது. நான் படித்தபடி அதன் இரு முனைகளும் ஒரே புள்ளியில் இருந்தன, ஆக அதில் மின்னோட்டமே ஓடாது. வேண்டுமென்றே அப்படி வைப்பவர்களும் உண்டு. ஆனாலும் ஒரு மின்தடை இப்படிச் செத்துப் போனால், முதலில் நாம் படித்ததைத்தான் சந்தேகிக்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உண்மையான சந்திகளில் இருந்த புள்ளிகள் உருண்டையாக, ஒரே அளவில் இருந்தன. நடுவில் இருந்தது நீளவாக்கில் இழுபட்ட மைக்கறை.

சரி, மறுபடி முதலிலிருந்து. இந்தமுறை படத்தை மறுபடி வரையாமல், எந்தப் புள்ளிக்கும் எந்தப் புள்ளிக்கும் நடுவே எவ்வளவு என்று மட்டும் எழுதினேன்:

```
A–P1 2    A–P2 2
A–Q1 6    A–Q2 6
P1–Q1 4   P2–Q2 4
P1–Q2 4   P2–Q1 4
P1–B 8    P2–B 8
Q1–B 3    Q2–B 3
P1–P2 5   Q1–Q2 7
```

பதினான்கு வரிகள், படத்திலும் பதினான்கு மின்தடைகள். இதோடு இன்னொரு எண்ணிக்கையும் உண்டு. ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை மின்தடைகள் வந்து சேர்கின்றன என்று போட்டோவிலேயே விரல் வைத்து எண்ணினேன். A, B இரண்டிலும் நான்கு நான்கு, மற்ற நான்கு புள்ளிகளிலும் ஐந்து ஐந்து, மொத்தம் 28. ஒரு மின்தடைக்கு இரண்டு முனை என்பதால் 14-இன் இருமடங்கு வர வேண்டும், வந்தது. பேட்டரி முனைகளை இதில் சேர்க்கவில்லை. ஒரு கம்பியைத் தவறான புள்ளியில் மாட்டியிருந்தால் மொத்தம் சரியாக வந்தாலும் ஏதாவது ஒரு புள்ளியின் எண்ணிக்கை இடிக்கும்.

எண்களைப் படிப்பதிலும் ஒரு தடுமாற்றம். P2–B-க்கு எதிரே இருந்தது 8-ஆ 3-ஆ என்று நிழலில் புரியவில்லை. ‘மேலே 8, அதனால் கீழேயும் 8’ என்று எழுதிவிடக் கை துறுதுறுத்தது. அது ஆபத்து. சமச்சீர் இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தானே பட்டியல் போடுகிறோம். சமச்சீரை வைத்தே பட்டியலை நிரப்பினால் சோதனைக்கு என்ன அர்த்தம்? அந்தப் பகுதியை மட்டும் வேறொரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். 8-தான்.

இப்போது சோதனை. பட்டியலில் 1 என்று வரும் இடத்திலெல்லாம் 2, 2 என்று வரும் இடத்திலெல்லாம் 1 போடுங்கள். A, B அப்படியே இருக்கட்டும். வரிகள் இடம் மாறினாலும் பட்டியல் அதே பட்டியல்தான். ஆகவே P1, P2 இரண்டும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும். Q1, Q2-வும் அப்படியே. காரணம் எளிது. P1-இன் மின்னழுத்தம் P2-ஐவிடக் கூடுதல் என்று வைத்துக்கொண்டால், பெயர்களை மாற்றிய சுற்றில் P2 கூடுதலாக இருக்க வேண்டும். ஆனால் அது அதே சுற்று. ஒரே சுற்றுக்கு இரண்டு விடை கிடையாது.

இங்கே பலரும் விழும் குழி ஒன்று உண்டு. படத்தில் இடமும் வலமும் ஒரே மாதிரி தெரிவதால் P-யும் Q-வும் சமம் என்று எழுதிவிடுவார்கள். A-யும் B-யும் இடம் மாற, P-யும் Q-வும் இடம் மாறினால் பட்டியல் மாறுகிறதா என்று பாருங்கள்: A–P 2 ஓம், B–Q 3 ஓம். மாறிவிட்டது, எனவே அந்தச் சமச்சீர் இல்லை. ஒருவேளை அது இருந்திருந்தாலும் P-யும் Q-வும் சமமாகியிருக்காது. முனைகளே இடம் மாறும் சமச்சீரில், இணைப் புள்ளிகள் இரண்டின் மின்னழுத்தங்களையும் கூட்டினால்தான் 12 வரும். முனைகள் அசையாமல் இருக்கும் சமச்சீர் மட்டுமே ‘சமம்’ என்று சொல்ல உரிமை தருகிறது. இந்த வித்தியாசம் எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது.

சமமான புள்ளிகள் தெரிந்ததும் தாளை A–B கோட்டில் மடித்த மாதிரி P1-ஐ P2-இன் மேல், Q1-ஐ Q2-இன் மேல் வைத்துவிடலாம். 5 ஓமும் 7 ஓமும் சமமான புள்ளிகளுக்கு நடுவே இருப்பதால் அவற்றில் மின்னோட்டம் இல்லை, போய்விடும். மற்றவை பக்க இணைப்பாகும்: A–P 1 ஓம், A–Q 3 ஓம், P–B 4 ஓம், Q–B 1.5 ஓம். P–Q-வில் இரண்டல்ல, நான்கு 4 ஓம்கள் இருக்கின்றன, குறுக்குக் கம்பிகளையும் சேர்த்து. எனவே அங்கே 1 ஓம்.

பதினான்கு ஐந்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது வீட்ஸ்டோன் சமனச்சுற்று வடிவம். ஆனால் சமனில் இல்லை: 1-க்கு 4 ஒரு பக்கம், 3-க்கு 1.5 மறுபக்கம். தொடர், பக்கம் என்று இனி சுருக்க வழியில்லை. இங்கேதான் கிர்க்காஃப் விதிகள் வேண்டும். பதினான்கு மின்தடைகள் இருந்தபோதே அவற்றை எழுதத் தொடங்கியிருந்தால் விடிந்திருக்கும்.

A-யிலிருந்து P-க்கு i1, A-யிலிருந்து Q-வுக்கு i2, P-யிலிருந்து Q-வுக்கு i3 என்று வைத்தேன். சந்தி விதியைத் தனிச் சமன்பாடாக எழுதாமல் படத்திலேயே பயன்படுத்திவிடுவது என் வழக்கம்: P–B-இல் i1 − i3, Q–B-இல் i2 + i3. மாறிகள் மூன்றுக்கு மேல் போகாது. பிறகு மூன்று கண்ணிகள்:

```
A-P-Q-A :  i1 + i3 − 3·i2 = 0
P-Q-B-P :  i3 + 1.5(i2 + i3) − 4(i1 − i3) = 0
A-P-B, பேட்டரி :  i1 + 4(i1 − i3) = 12
```

முதல் வரியிலிருந்து i1 = 3·i2 − i3. இதை இரண்டாவதில் போட்டால் 10.5·i3 = 10.5·i2, அதாவது i3 = i2. எனவே i1 = 2·i2. மூன்றாவதில் போட 6·i2 = 12. i2 = 2, i3 = 2, i1 = 4 ஆம்பியர். பேட்டரியிலிருந்து வருவது 6 ஆம்பியர், தொகுபயன் மின்தடை 2 ஓம்.

குறியில்தான் பெரும்பாலும் தவறு நடக்கும். i3-ஐ Q-விலிருந்து P-க்கு என்று வைத்திருந்தால் −2 வந்திருக்கும், அதுவும் சரியே. கண்ணியைச் சுற்றும்போது அம்புக்குறியின் திசையில் போனால் கூட்டல், எதிரே போனால் கழித்தல். பாதி வழியில் ‘இது இந்தப் பக்கம்தான் ஓடும் போல’ என்று அம்பைத் திருப்பினால்தான் எல்லாம் கெடும்.

விடை நம்பத் தகுந்ததா என்று பார்க்க எனக்குப் பிடித்த வழி, நடுவில் இருக்கும் P–Q-வை இரண்டு விதமாக மாற்றிப் போடுவது. அதை அடியோடு எடுத்துவிட்டால் 5 ஓமும் 4.5 ஓமும் பக்க இணைப்பில், சுமார் 2.37 ஓம். அதையே வெறும் கம்பியாக்கினால் 0.75-உடன் 1.09 சேர்ந்து சுமார் 1.84 ஓம். உண்மை விடை இவ்விரண்டுக்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும். மின்தடையைக் கூட்டினால் மொத்தம் குறையாது, குறைத்தால் கூடாது. 2 ஓம் நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம் மடித்ததைப் பிரிக்க வேண்டும். A–P-யின் 4 ஆம்பியர் இரண்டு 2 ஓம்களுக்கும் ஆளுக்கு 2. A–Q-வின் 2, ஆளுக்கு 1. P–Q-வின் 2 ஆம்பியரை நான்காகப் பிரிக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் 0.5, இங்கே பழக்க தோஷத்தில் இரண்டால் வகுத்துவிட்டு மதிப்பெண்ணை விடுவோர் உண்டு. P–B-களில் ஆளுக்கு 1, Q–B-களில் ஆளுக்கு 2. P1-இல் பாருங்கள்: உள்ளே 2, வெளியே 0.5, 0.5, 1. Q1-இல் உள்ளே 1, 0.5, 0.5, வெளியே 2. பொருந்துகிறது. திறனையும் கூட்டிப் பார்த்தேன்: 16, 12, 4, 16, 24, மொத்தம் 72 வாட். பேட்டரி தருவதும் 12 பெருக்கல் 6.

அதே தாளில் துணைக் கேள்விகள் இரண்டு இருந்தன. 5 ஓமுக்குப் பதில் வெறும் கம்பி வைத்தால் என்ன ஆகும்? ஒரு வரி பதில்: எதுவும் மாறாது, இரு முனையும் ஏற்கெனவே சமம். P2–B-யில் இருக்கும் 8 ஓம் அறுந்துவிட்டால்? பட்டியலில் ஒரு வரி போய்விட்டது, 1–2 மாற்றத்தில் பட்டியல் மாறுகிறது, மடிப்பு செல்லாது. 5 ஓமிலும் 7 ஓமிலும் மின்னோட்டம் ஓடத் தொடங்கிவிடும். நான்கு புள்ளிகளின் மின்னழுத்தத்தையும் தனித்தனி மாறியாக வைத்து நான்கு சந்திச் சமன்பாடுகள் எழுதுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. தொகுபயன் மின்தடை 2 ஓமைவிடக் கூடியிருக்கும், மின்னோட்டம் 6 ஆம்பியருக்குக் கீழே இருக்கும் என்பதை முன்கூட்டியே ஓரத்தில் எழுதி வைத்துவிட்டுத்தான் அந்த ஒன்றரைப் பக்கத்தைத் தொடங்கினேன்.