சாம்பல் நிறத்தில் போன ஆறாம் கிளை

எட்டுக் கிளைகள், பன்னிரண்டு மாதங்கள், 96 எண்கள். எல்லாம் வாடிக்கையாளர் புகார்கள். எக்செல் தானாகப் போட்டுக் கொடுத்த கோட்டு வரைபடத்தில் எட்டு நிறங்கள் பின்னிக் கிடந்தன. எந்த நிறம் எந்தக் கிளை என்று லெஜண்டைப் பார்த்துவிட்டுக் கோட்டுக்குத் திரும்புவதற்குள் நிறம் மறந்துவிடும்.

முதலில் தலைப்பு. 'கிளைவாரியாகப் புகார்கள்' என்று இருந்ததை 'மூன்றாம் கிளையில் புகார்கள் ஒரே ஆண்டில் இரண்டு மடங்கு' என்று முழு வாக்கியமாக்கினேன். அந்த வாக்கியத்துக்கு வேலை செய்யாததெல்லாம் வெளியேறியது. மூன்றாம் கிளைக்கு அடர்நீலம், மற்ற ஏழுக்கும் ஒரே வெளிர்சாம்பல். லெஜண்டை அழித்துவிட்டு, நீலக்கோட்டின் முதல் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் மட்டும் டேட்டா லேபிள் போட்டுக் கிளையின் பெயரைக் கடைசிப் புள்ளியிலேயே எழுதினேன். கிரிட்லைன்கள் போயின. எண்களில் மிஞ்சியவை இரண்டுதான்: தொடக்கத்தில் 40, முடிவில் 82.

பக்கத்து மேசையில் இருந்தவரிடம் ஐந்து நொடி காட்டி, திரையை மறைத்து, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். "மூணாவது கிளை ஏறிப்போச்சு" என்றார். தேறிவிட்டது என்று நினைத்தேன்.

கூட்டத்தில் மேலாளர் கேட்டார்: "அடியில ஒரு சாம்பல் கோடு லேசா எழும்புதே, அது எந்தக் கிளை?"

ஸ்லைடில் விடை இல்லை. முழு அட்டவணையையும் கடைசி ஸ்லைடுக்குப் பின்னால் வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. அது பிழைதான், அதில் வாதமில்லை. மேசைக்குத் திரும்பிப் பார்த்தால் அது ஆறாம் கிளை: 5 புகார்கள் 15 ஆகியிருந்தன. மூன்று மடங்கு. 'இரண்டு மடங்கு' என்று நான் கொட்டை எழுத்தில் போட்ட கிளையைவிட வேகம்.

மறைத்தேனா? இல்லை என்றுதான் இன்றும் சொல்வேன். மூன்றாம் கிளையில் கூடியவை 42 புகார்கள், ஆறாம் கிளையில் 10. ஆள் அனுப்புவதென்றால் மூன்றுக்குத்தான். முதல் மாதத்தை 100 என்று வைத்து வரைந்திருந்தால் ஆறாம் கிளை 300, மூன்றாம் கிளை 205. பத்துப் புகார்கள் பூதமாகத் தெரிந்திருக்கும். சின்ன எண்ணில் மடங்கு எப்போதும் மிரட்டும்.

ஆனால் 'மடங்கு' என்ற சொல்லைத் தலைப்பில் போட்டதே நான்தானே. '42 புகார்கள் கூடின' என்று எழுதியிருந்தால் அளவும் படமும் ஒன்றையே சொல்லியிருக்கும். மடங்கால் பேசிவிட்டு, மடங்கில் முந்திய கிளையைச் சாம்பலாக்கியது உறுத்துகிறது.

பிறகு ஆறாம் கோட்டின் முனையில் '5லிருந்து 15' என்று சின்னதாக எழுதி, அதே ஐந்து நொடிச் சோதனையை வேறொருவரிடம் வைத்தேன். "ரெண்டு கிளை ஏறுது" என்றார். எந்தக் கிளைகள் என்று கேட்டதற்கு அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.