டெபிட் கார்டைக் கீழ்வகைக்கு மாற்றிய கதை: 885 ரூபாய்க்கு என்னதான் கிடைக்கிறது?

தம்பியின் கணக்கிலிருந்து 885 ரூபாய் பிடித்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. டெபிட் கார்டு ஆண்டுக் கட்டணம் 750, அதன் மேல் 18% ஜிஎஸ்டி 135. அதுவரை அந்தக் கார்டுக்கு ஒரு பைசா கட்டியதில்லை, ஏனென்றால் அது சம்பளக் கணக்கு. வேலை மாறி, பழைய நிறுவனத்திலிருந்து சில மாதம் சம்பளம் வராமல் போனதும் வங்கி அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிட்டது. கட்டண விலக்கு போய்விட்டது, கையிலிருந்த உயர்வகைக் கார்டு மட்டும் அப்படியே இருந்தது. வேலை மாறுகிறவர்கள் இதை முதல் மாதமே கவனியுங்கள்.

கிளையில் கேட்டால், "ஏர்போர்ட் லாஞ்ச் ஃப்ரீ, அஞ்சு லட்சம் இன்ஷூரன்ஸ் ஃப்ரீ, இதை எதுக்கு சார் விடுறீங்க? சிஸ்டத்துல டவுன்கிரேடு ஆப்ஷனே கிடையாது" என்றார் எதிரே இருந்தவர். 885 ரூபாய் கட்டியபின் எதுவும் இலவசமில்லை. அதனால் அந்த இரண்டு சலுகையையும் விதிமுறைப் பக்கத்தோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

முதலில், வகைக்கு வகை என்ன மாறுகிறது? பணம் எடுக்கும் தினசரி வரம்பு, கடையில் தேய்க்கும் வரம்பு, காப்பீட்டுத் தொகை, லாஞ்ச். பெரும்பாலும் அவ்வளவுதான். கணக்கும் வட்டியும் ஒன்றுதான். எல்லா வங்கியிலும் கட்டண வித்தியாசம் பெரிது என்று சொல்ல முடியாது. ஸ்டேட் வங்கி 2024 ஏப்ரலில் உயர்த்திய கட்டணப்படி கிளாசிக் கார்டுக்கு 200, பிளாட்டினத்துக்கு 325. வரியோடு 236, 383.50. தனியார் வங்கிகளின் மேல்வகைகளில்தான் இடைவெளி பல நூறாக விரிகிறது. ரூபே டெபிட் கார்டில் தேய்த்தால் 2020 முதல் கடைக்காரரிடம் கட்டணமே வாங்கக் கூடாது என்பதால், அந்தப் பக்கமிருந்து வங்கிக்கு வருமானம் இல்லை. கிளையில் மேல்வகையைத் தள்ளுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

இப்போது லாஞ்ச். தம்பியின் கார்டில் காலாண்டுக்கு ஒரு முறை என்று போட்டிருந்தது. வருடத்துக்கு நான்கு என்றுதான் யாரும் படிப்பார்கள். ஆனால் பயன்படுத்தாத முறை அடுத்த காலாண்டுக்குச் சேராது. தம்பி குடும்பம் பறப்பது மே விடுமுறையில் மட்டும், சென்னையிலிருந்து டெல்லி போய்த் திரும்ப. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று, இரண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரையான ஒரே காலாண்டு. ஆக, ஒன்றுதான் செல்லும். அதுவும் கார்டுக்குரியவருக்கு மட்டும். மனைவியும் பிள்ளையும் தனியாகக் கட்ட வேண்டும்.

அந்த ஒன்றும் கிடைக்குமா என்று பார்த்தால், அடுத்த நிபந்தனை: முந்தைய காலாண்டில் இதே கார்டில் 5,000 ரூபாய் செலவு செய்திருக்க வேண்டும். மே மாதம் உள்ளே போக, ஜனவரி முதல் மார்ச்சுக்குள் தேய்த்திருக்க வேண்டும். யுபிஐயில் கொடுத்தது எதுவும் இதில் சேராது, ஏனென்றால் அந்தப் பணம் கணக்கிலிருந்து நேராகப் போகிறது, கார்டைத் தொடுவதே இல்லை. ஏடிஎம்மில் எடுத்ததும் செலவாகாது. தம்பி டீக்கடை முதல் பள்ளிக் கட்டணம் வரை யுபிஐ. கார்டுச் செலவு சுழியம், லாஞ்சும் சுழியம்.

விமான நிலைய வாசலில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பவர்களுக்கு: மெஷினில் தேய்க்கும்போது சோதனைக்காக ஒரு சிறு தொகை பிடிப்பார்கள், பெரும்பாலும் 2 ரூபாய். தகுதி இல்லையென்றால் அங்கேயே மறுக்கும், பின்னால் வரிசை நிற்கும். இப்போது சில வங்கிகள் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, முன்கூட்டியே இணைப்பு வழியாகக் குறியீடு எடுத்துவரச் சொல்கின்றன. கிளம்பும் முன் வங்கிச் செயலியில் உங்கள் கார்டுக்கு எது நடைமுறை என்று பாருங்கள். பட்டியலில் எந்த முனையத்தின் லாஞ்ச் இருக்கிறது என்றும் பாருங்கள், ஒரே ஊரில் ஒரு முனையத்தில் செல்லுவது மற்றதில் செல்லாது.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது காப்பீட்டில்தான். ஐந்து லட்சம் என்பது விபத்து மரணத்துக்கு மட்டும். மாரடைப்பு, காய்ச்சல் எதற்கும் கிடையாது. விபத்துக்கு முந்தைய குறிப்பிட்ட நாட்களுக்குள் கார்டைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். அந்த நாட்கள் கார்டுக்குக் கார்டு மாறும். ஜன்தன் ரூபே கார்டில் 90 நாள், ஏடிஎம் பயன்பாடும் கணக்கில் வரும். சில தனியார் கார்டுகளில் 30 நாள்தான், கடையில் அல்லது இணையத்தில் வாங்கியது மட்டும்தான் கணக்கு. யுபிஐ மட்டுமே பயன்படுத்தும் வீட்டில் இந்தக் காப்பீடு பெயரளவில்தான் இருக்கிறது, அது செத்துப்போனது யாருக்கும் தெரியாது.

இன்னொன்று, கோரிக்கை வைக்க வேண்டியது குடும்பம். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், கார்டுப் பயன்பாடு தெரியும் ஸ்டேட்மென்ட், நாமினி அடையாளச் சான்று எல்லாம் சேர்க்க வேண்டும். தகவல் தெரிவிக்கவே நாள் கெடு உண்டு. துக்கத்தில் இருக்கும் வீட்டில், கார்டுக்குள் காப்பீடு இருக்கிறதென்று யாருக்கு நினைவு வரும்? இந்தக் கார்டை வைத்துக்கொள்கிறவர்கள், அதன் காப்பீட்டு நிபந்தனையை அச்செடுத்துப் பாஸ்புக்கோடு வையுங்கள். மாதம் ஒரு முறை பெட்ரோலோ மளிகையோ கார்டில் தேய்த்தால் கெடு தவறாது.

விலையையும் ஒப்பிட்டோம். கீழ்வகைக் கார்டு 236, மேல்வகை 885, வித்தியாசம் 649. பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு. 18 முதல் 70 வயது வரை சேரலாம், கார்டைத் தேய்க்கும் நிபந்தனையே இல்லை. அதற்கு மேல் வேண்டுமென்றால் சரள் சுரக்ஷா பீமா என்ற பொதுவடிவத் தனிநபர் விபத்து பாலிசி இருக்கிறது, 2.5 லட்சத்திலிருந்து தொடங்குகிறது. வேலை மாறினாலும் வங்கி மாறினாலும் அது நம்மோடு வரும். காலாண்டு தவறாமல் பறக்கிறவர், கடைச் செலவைக் கார்டில் செய்கிறவர் என்றால் 649 ரூபாய் லாஞ்சிலேயே திரும்பிவிடும், அவர்கள் மாற்ற வேண்டாம். தம்பிக்கு ஒரு ரூபாயும் தேறாது.

மாற்றிய விதம்: "டவுன்கிரேடு" என்று கேட்டால் இல்லை என்பார்கள். கட்டணம் குறைந்த வகையில் புதுக் கார்டு வேண்டும், அது வந்ததும் பழையதை முடக்க வேண்டும் என்று கடிதமாகவே எழுதிக் கொடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். டெபிட் கார்டை வாங்கியே ஆக வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதைச் சொன்ன பிறகுதான் விண்ணப்பம் உள்ளே போனது. எழுத்துப் புகாருக்கு 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

பிடித்த 885 திரும்ப வரவில்லை. ஆண்டுக் கட்டணம் கார்டு கொடுத்த மாதத்தையொட்டித்தான் பிடிபடும், அதற்கு ஒரு மாதம் முன்பே மாற்றிவிடுங்கள். பழைய கார்டை முடக்கும் முன் அதில் பதிவாகியிருக்கும் தானியங்கிக் கட்டணங்களைப் புது எண்ணுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் அந்த மாதம் தவறும். புதுக் கார்டில் இணைய வாங்கலும், தட்டிச் செலுத்துவதும் அணைந்தே வரும், செயலியில் போய் நாமே திறக்க வேண்டும். ஏற்கெனவே போட்ட யுபிஐ பின் அப்படியே வேலை செய்தது.