போன வருஷம் 40 புத்தகம், இந்த வருஷம் 150 மணி நேரம்

போன டிசம்பரில் 40 புத்தக இலக்குக்கு இன்னும் 9 பாக்கி. 64 பக்கம், 80 பக்கம் என்று மெலிசாகத் தேடித் தேடி வாங்கி எண்ணிக்கையை நிரப்பினேன். ஆசையாக வாங்கிய 620 பக்க நாவல் அலமாரியிலேயே கிடந்தது. அதைத் தொட்டால் கணக்கு உதைக்குமே!

அதனால் இந்த வருஷம் நேரமும் பக்கமும்தான். நாளுக்கு அரை மணி, வருஷத்தில் 300 நாள், ஆக 150 மணி. மீதி 65 நாள் கல்யாணம், காய்ச்சல், ஊர்ப்பயணத்துக்கு. பக்க இலக்கு 6,000.

நேரம் எளிது. பக்கம்தான் பாடாய்ப்படுத்தியது. பிப்ரவரியில் என் வேகம் திடீரென்று மணிக்கு 60 பக்கமானது. சந்தேகப்பட்டுப் பார்த்தால், பெரிய எழுத்தில் அச்சிட்ட கிரௌன் அளவுப் புத்தகம். வரிக்கு 6 சொல், பக்கத்துக்கு 24 வரி, மொத்தம் 144 சொல். டெம்மி அளவில் இருக்கும் அந்த நாவலிலோ வரிக்கு 8, பக்கத்துக்கு 32 வரி, 256 சொல். இரண்டையும் ஒரே 'பக்கம்' என்று எழுதுவது அநியாயம்.

இப்போது 200 சொல்தான் எனக்கு ஒரு பக்கம். புது புத்தகத்தில் நடுவே எங்காவது பத்து வரியின் சொற்களை எண்ணி, வரிக்கு வரும் சராசரியைப் பக்கத்தின் வரி எண்ணிக்கையால் பெருக்கி, 200-ஆல் வகுத்து, முதல் தாளில் பென்சிலால் குறிக்கிறேன். நாவலுக்கு 1.28. அதாவது அதன் 620 பக்கம் என் கணக்கில் 794. கிரௌனுக்கு 0.72. உரையாடல் நிறைந்த பக்கத்தில் எண்ணாதீர்கள், பாதி வரி காலியாக இருக்கும். கவிதைக்கு இது உதவாது, நேரம் மட்டும் எழுதுகிறேன். கிண்டிலில் எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு திரையில் வரும் சொல் குறைந்துவிடும், அதனால் அங்கேயும் நேரம்தான்.

நோட்டில் நேரம், பக்கம் என்று போட்ட இரண்டு பத்தியும் ஒன்றையொன்று காட்டிக்கொடுப்பதுதான் இதில் ருசி. ஒரு ஞாயிறு மதியம் 2 மணி 10 நிமிஷம், 9 பக்கம் என்று இருந்தது. சாதாரணமாக மணிக்கு 41 பக்கம் ஓடும். டைமரை நிறுத்தாமல் தூங்கியிருக்கிறேன்! 15 நிமிஷம் என்று திருத்தினேன்.

ஏற்காடு பஸ்ஸில் படித்து நேரம் சேர்க்கலாம் என்று பார்த்ததும் பலிக்கவில்லை. 20 கொண்டை ஊசி வளைவில் மூன்றாவதிலேயே தலை சுற்றியது. மலையில் காது மட்டும் போதும் என்று ஒலிப்புத்தகத்துக்குத் தாவினேன். அதற்கு நேரம் உண்டு, பக்கம் கிடையாது.

மே கடைசியில் 58 மணி. 62 இருக்க வேண்டும், 4 மணி கடன். செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய கணக்கு நோட்டில் மை ஊறுகிறது, அடுத்தது கொஞ்சம் தடித்த தாளாகப் பார்க்க வேண்டும். நாவல் 310-ஆம் பக்கத்தில் நிற்கிறது.