மதிய வெயிலும் புரொஜெக்டரும்: எங்கள் ஹாலில் செட் செய்த விதம்

எங்கள் ஹால் 15 அடி நீளம், 11 அடி அகலம். மேற்குப் பக்கம் இருக்கும் குட்டைச் சுவரில் பால்கனிக் கதவு. ஐ.பி.எல். மதிய ஆட்டம் மூன்றரைக்கு ஆரம்பிக்கும்போது வெயிலும் அந்தக் கதவு வழியாக உள்ளே வந்துவிடும். அந்த ஆட்டங்களைப் பெரிதாகப் பார்க்கத்தான் புரொஜெக்டர் வாங்கினோம். அதனால் ராத்திரிக்கு எது அழகு என்று யோசிக்காமல், பகலுக்கு எது ஒத்துவரும் என்றே ஒவ்வொன்றையும் முடிவு செய்தோம்.

முதலில் எந்தச் சுவர் என்று பார்க்க வேண்டியிருந்தது. டிவி இருந்த கிழக்குச் சுவர் கதவுக்கு நேர் எதிரே இருக்கிறது. போனில் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் ஆப் ஒன்றைப் போட்டு, போனின் முதுகைச் சுவரில் ஒட்டி, திரை ஹாலைப் பார்க்கும்படி வைத்து அளந்தேன். போன் சென்சார் ஒன்றும் துல்லியமானது இல்லை. ஆனால் இரண்டு சுவர்களை ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். மாலை நாலு மணிக்குக் கிழக்குச் சுவர் 600 லக்ஸ் காட்டியது. பக்கவாட்டில் இருக்கும் நீளமான தெற்குச் சுவர் 250தான் காட்டியது. வெளிச்சம் அதன் மேல் நேராக விழாமல் உரசிக்கொண்டு போகிறது. திரைச்சீலையை இழுத்து மூடியதும் தெற்குச் சுவரில் 40 ஆகக் குறைந்தது. அங்கேயே சுவர் முடிவாகிவிட்டது.

இந்த எண்கள் ஏன் முக்கியம் என்றால், புரொஜெக்டரால் கறுப்பைக் காட்டவே முடியாது. கறுப்பு வர வேண்டிய இடத்தில் அது வெளிச்சம் அடிக்காமல் விடும், அவ்வளவுதான். அங்கே நமக்குத் தெரிவது அந்த நேரத்தில் சுவர் என்ன நிறத்தில் இருக்கிறதோ அதுதான். பகலில் படம் வெளிறிப்போவதற்குக் காரணம் இதுதான். மெஷின் வலு இல்லாமல் இல்லை.

எங்கள் மாடலின் பெட்டியில் 3000 லூமன் என்று போட்டிருக்கிறது. நிறம் ஓரளவு இயல்பாக இருக்கும் மோடில் அது முழுதாக வராது என்பதால் 2000 என்று வைத்துக் கணக்குப் போட்டேன். படத்தின் பரப்பு எத்தனை சதுர மீட்டரோ, அதால் லூமனை வகுத்தால் சுவரில் விழும் லக்ஸ் கிடைக்கும். மூலைக்கு மூலை 87 அங்குலம் உள்ள படம் கிட்டத்தட்ட 2.1 சதுர மீட்டர், அதில் 950 லக்ஸ் வரும். 109 அங்குலம் என்றால் 3.3 சதுர மீட்டர், அதில் 600 லக்ஸ்தான். இதோடு சுவரின் சொந்த வெளிச்சத்தைச் சேர்த்துப் பார்த்தால், திரைச்சீலை திறந்திருக்கும்போது 87 அங்குலத்தில் வெள்ளை, கறுப்பைவிட ஐந்து மடங்குகூட இல்லை. மூடினால் 25 மடங்கு. 109 அங்குலத்தில் மூடினாலும் 16 மடங்குதான். ஆக, படத்தைச் சின்னதாக்குவது ஒன்றரை மடங்கு உதவுகிறது, திரைச்சீலை ஐந்து மடங்கு உதவுகிறது. புரொஜெக்டரில் இன்னும் ஆயிரம் லூமன் கூடுதலாகத் தேடி ஏகப்பட்ட பணம் போடுவதற்கு முன்னால், பின்பக்கம் லைனிங் வைத்துத் தைத்த தடித்த துணிக்குப் போடலாம். கம்பியின் இரண்டு முனைகளிலும் துணி சுவரைத் தொட வேண்டும். எங்கள் வீட்டில் ஓர இடுக்கு வழியாக வந்த கீற்று ஒன்றே பெரிய தொந்தரவாக இருந்தது.

அடுத்தது த்ரோ தூரம். மேனுவலில் த்ரோ ரேஷியோ 1.2 முதல் 1.5 வரை என்று இருந்தது. லென்ஸிலிருந்து சுவர் வரை உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது இது. இரண்டு எண்கள் இருக்கக் காரணம் லென்ஸில் ஜூம் இருப்பது. சில மாடல்களில் ஒரே எண்தான் இருக்கும். அவற்றில் படத்தின் அளவை மாற்ற மெஷினையே நகர்த்த வேண்டும். மெனுவில் உள்ள டிஜிட்டல் ஜூமை நம்பக் கூடாது, அது படத்தைப் புள்ளிகளில் சுருக்கும் வேலை.

சோஃபா வடக்குச் சுவரை ஒட்டி இருக்கிறது. மெஷினின் நீளம், பின்னால் காற்று போக இடம், கேபிள் வளைய இடம் எல்லாம் கழித்தால் லென்ஸிலிருந்து தெற்குச் சுவருக்கு 9½ அடி, அதாவது 114 அங்குலம். அதை 1.2 ஆல் வகுத்தால் அகலம் 95 அங்குலம், 1.5 ஆல் வகுத்தால் 76 அங்குலம். மேலே சொன்ன 109, 87 என்ற மூலைவிட்ட அளவுகள் இப்படி வந்தவைதான். பகலுக்கு 87, ராத்திரிக்கு வேண்டுமானால் ஜூம் வளையத்தைத் திருப்பிப் பெரிதாக்கிக்கொள்ளலாம். இரண்டும் ஒரே இடத்திலிருந்து கிடைப்பது எங்களுக்கு வசதியாகப் போயிற்று.

டிரில்லிங் மெஷினோடு வந்த கார்பெண்டர் அண்ணன், "சீலிங்லயே மாட்டிடலாம் சார், அதான் எல்லாரும் பண்றாங்க" என்றார். சீலிங் நடுவில் ஃபேன் இருக்கிறது. 48 அங்குல ஃபேன் என்றால் நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் 2 அடி சுற்றும். ஃபேனுக்குப் பின்னால் உயரமாக மாட்டினால் ஒளி இறக்கைகளுக்கு நடுவே போகும், படம் துடிக்கும். அதற்காக இரண்டடிக் கம்பி போட்டுக் கீழே இறக்கினால் ஃபேன் ஓடும்போது கம்பி லேசாக ஆடும். அந்த ஆட்டம் 9 அடி தள்ளி எழுத்துகளில் நன்றாகத் தெரியும். அதனால் வடக்குச் சுவரிலேயே ஒரு பிராக்கெட் அடித்து, மெஷினைத் தலைகீழாகத் தொங்கவிட்டோம்.

தலைகீழாக மாட்டுவது ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வகை மெஷினை மேசையில் நேராக வைத்தால் படம் லென்ஸுக்கு மேலேதான் விழும். எங்களுடையதில் படத்தின் கீழ் விளிம்பு லென்ஸைவிடச் சுமார் 2 அங்குலம் உயரத்தில் வருகிறது. ஷெல்ஃபில் நேராக வைத்தால் படம் சீலிங்கைத் தொடும். கவிழ்த்தால் படத்தின் மேல் விளிம்பு லென்ஸுக்கு 2 அங்குலம் கீழே வரும். மெனுவில் Front Ceiling என்று மாற்றினால் படம் நிமிர்ந்துவிடும். 87 அங்குலப் படத்தின் உயரம் 43 அங்குலம். லென்ஸ் 6½ அடி உயரத்தில் இருந்தால் படம் தரையிலிருந்து 76 அங்குலத்தில் தொடங்கி 33 அங்குலத்தில் முடியும். சோஃபாவில் உட்கார்ந்து பார்க்க இது சரியான உயரம்.

துளை போடுவதற்கு முன்னால் டீப்பாயில் வைத்து ஓட்டிப் பார்த்தபோதுதான் கோணலான படத்தைச் செவ்வகமாக்கும் கீஸ்டோன் அமைப்பின் குணம் முழுதாகப் புரிந்தது. ஏழரை அடி தூரத்தில் வைத்து, முன்பக்கத்தைத் தூக்கிச் சாய்த்திருந்தேன். படத்தின் கீழ் விளிம்பு 76 அங்குலம், மேல் விளிம்பு 81 அங்குலம். ஆட்டோ கீஸ்டோன் உடனே அதைச் செவ்வகமாக்கிவிட்டது. ஆனால் அது லென்ஸை எதுவும் செய்வதில்லை. உள்ளே இருக்கும் சிப்பில் படத்தையே எதிர்ப் பக்கமாகக் கோணலாக்கி வரைகிறது. மேல் வரிசையில் 1920 புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில் சுமார் 1800 புள்ளிகளில் படத்தை நெருக்குகிறது. மிச்சப் புள்ளிகள் சும்மா இருந்தாலும் அவற்றிலிருந்து கொஞ்சம் வெளிச்சம் கசியும். ராத்திரியில் படத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு ஆப்பு மாதிரி தெரிவது அதுதான். பகலில் அது தெரியாது. பகலில் தெரிவது எழுத்து மழுங்குவது. ஸ்கோர் பட்டையில் இருக்கும் சின்ன எண்கள் கீஸ்டோன் போட்டால் ஒரு மாதிரி, எடுத்தால் ஒரு மாதிரி இருந்தன. லேப்டாப்பை இணைத்து ஒரு பக்கம் எழுத்தைக் காட்டினால் யாருக்கும் வித்தியாசம் பிடிபடும்.

அதனால் பிராக்கெட்டில் மாட்டியதும் முதல் வேலையாக ஆட்டோ கீஸ்டோனை அணைத்து, மதிப்பைப் பூஜ்ஜியமாக்கினேன். அதன்பின் மெஷினுக்குள்ளேயே இருக்கும் கட்டம் போட்ட டெஸ்ட் பேட்டர்னை ஓடவிட்டு டேப்பை எடுத்தோம். இடது விளிம்பின் உயரம் 43½ அங்குலம், வலது விளிம்பு 42. இடது பக்கம் பெரிதாக இருந்தால் ஒளி அந்தப் பக்கம் அதிக தூரம் போகிறது, அதாவது லென்ஸ் இடது பக்கம் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். வலது பக்கம் திருப்பினோம், உயரங்கள் சமமாகின. ஆனால் படம் மொத்தமாக வலது பக்கம் நகர்ந்தது. அதைத் திருப்பிச் சரிசெய்யப் பார்த்தால் மறுபடி கோணல்தான் வரும். மெஷினை அசைக்காமல் படத்தை மட்டும் நகர்த்தும் லென்ஸ் ஷிஃப்ட் இல்லாத மெஷினில், பக்கவாட்டில் லென்ஸ் எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் எதிரேதான் படத்தின் நடு வரும். பிராக்கெட்டையே இடது பக்கம் நகர்த்துவதுதான் வழி. தரையில் இருக்கும் டைல்ஸ் இணைப்புக் கோடு ஒன்றை இரண்டு சுவர்களுக்கும் பொதுவான நேர்க்கோடாக வைத்து, நூலில் தூக்குக்குண்டு கட்டி லென்ஸை அதன் மேல் கொண்டுவந்தோம். மேல், கீழ் அகலங்களுக்கும் இதே கணக்குதான். மேலே அகலமாக இருந்தால் லென்ஸ் மேலே பார்க்கிறது, முன்பக்கத்தைத் தாழ்த்த வேண்டும்.

கடைசியில் ஒரு கால் அங்குலம் மிச்சம் இருந்தது. அது எங்கள் சுவர்ப் பூச்சின் கோணல். அதற்காகக் கீஸ்டோனைத் தொடாமல், படத்தைச் சுற்றி மினுமினுப்பு இல்லாத கறுப்பு டேப்பை ஒட்டி, படத்தின் ஓரத்தை அதன் மேல் துளி விழவிட்டேன். கறுப்புச் சட்டம் இருப்பதால் பகலில் படமும் கொஞ்சம் அழுத்தமாகத் தெரிகிறது.

இதெல்லாம் முடிந்த பிறகு செட்டிங்ஸில் செய்ய அதிகம் இல்லை. பகலில் படம் வெளிறினால் எல்லோரும் முதலில் கை வைப்பது பிரைட்னஸில். என் மச்சான் வந்ததும் அதைத்தான் ஏற்றினார். அந்த அமைப்பு கறுப்பின் அளவைத்தான் உயர்த்தும். ஏற்கெனவே சாம்பலாக இருக்கும் கறுப்பு இன்னும் சாம்பலாகும். பிரைட்னஸை நடுவிலேயே விட்டு காண்ட்ராஸ்டை ஏற்ற வேண்டும். எதுவரை என்றால், வெள்ளைச் சட்டையின் மடிப்புகள் மறையத் தொடங்கும் வரை. அங்கிருந்து ஒரு படி பின்னால் வரலாம். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் உள்ள வெளிச்சத்தை மாற்றும் காமாவை 2.2 இலிருந்து 2.0 ஆகக் குறைத்தால் நிழலில் நிற்கும் ஃபீல்டர் முகம் தெரிகிறது. ராத்திரியில் அதே 2.0 படத்தைச் சப்பென்று ஆக்கிவிடும்.

ஈகோ மோடைப் பகலில் அணைத்துவிடுகிறேன். மிக அதிக வெளிச்சம் தரும் மோடில் பச்சை தூக்கலாக வருகிறது. மைதானம் மட்டும் தெரியும்போது பரவாயில்லை, கேமரா முகத்துக்கு வந்தால் எல்லோரும் காய்ச்சல்காரர்கள். ஸ்போர்ட்ஸ் மோடில் வெளிச்சம் கொஞ்சம் குறைவு, ஆனால் தோல் தோலாக இருக்கிறது.

வெளிறலுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அது வெயிலோடு குழம்பிப்போகும். செட்டாப் பாக்ஸ் Limited என்ற குறுகிய வரம்பில் சிக்னல் அனுப்பி, புரொஜெக்டர் அதை Full என்ற முழு வரம்பாக எடுத்துக்கொண்டால் கறுப்பு எப்போதும் சாம்பலாகத்தான் வரும். ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்தும் கறுப்பு மங்கலாகவே இருந்தால் HDMI Range என்ற இடத்தில் போய்ப் பார்க்கலாம். எங்களுடையதை Auto விலிருந்து Limited க்கு மாற்றினோம்.

பகலுக்கு User 1, ராத்திரிக்கு User 2 என்று சேமித்து வைத்திருக்கிறேன். இத்தனைக்கும் பிறகு கிரிக்கெட், செய்தி, கார்ட்டூன் எல்லாம் நாலு மணிக்குத் திரைச்சீலையை மூடிவிட்டு நன்றாகப் பார்க்க முடிகிறது. இருட்டுக் காட்சிகள் நிறைந்த படத்தை அந்த நேரத்தில் போட்டால் யார் யாரைக் குத்துகிறார்கள் என்றே தெரிவதில்லை. அவற்றை ஏழு மணிக்கு மேல் வைத்துக்கொள்கிறோம்.