ஏழாம் வாய்ப்பாடும் தெப்பக்குளமும்

ஜூன் 3, செவ்வாய்

காலை 5:40க்கு வண்டியூர் தெப்பக்குளம். நாலு சுற்று. ஒரு சுற்று ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர் வரும். ஒவ்வொன்றுக்கும் 8 நிமிடம் 40 நொடி ஆனது. இதைத்தான் மூன்று மாதமாக நோட்டில் "லேசான ஓட்டம்" என்று எழுதி வருகிறேன். ஓடிக்கொண்டே பேச முடிந்தால் அது லேசான ஓட்டம், அதாவது ஈஸி என்பது என் கணக்கு.

இன்றைக்குத் தம்பியும் கூட வந்தான். மூன்றாவது சுற்றில் திடீரென்று, "நேத்து மீன் குழம்பு எப்படி வச்ச, சொல்லுக்கா" என்றான். சொல்ல ஆரம்பித்தேன். புளியைக் கரைச்சு வச்சுட்டு... சின்ன வெங்காயம்... உரிச்சு... வதக்கி...

"நீ பேசுற. ஆனா மூணு வார்த்தைக்கு ஒரு புள்ளி வைக்கிற. இது ஈஸி கிடையாதுக்கா, நடுத்தரம்."

எரிச்சலாக இருந்தது. பேச முடிகிறதே, அப்புறம் என்ன?

ஜூன் 5, வியாழன்

தனியாக ஓடும்போது யாரிடம் பேசுவது? மனதுக்குள் பேசினால் கணக்கில் வராது, அதற்கு மூச்சே செலவாவதில்லை. வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதுவும் யோசிக்காமல் வருவதாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் இந்தப் பேச்சுச் சோதனையை ஆராய்ந்தவர்கள், அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடமான நாட்டு உறுதிமொழியைச் சொல்ல வைத்தார்கள். எனக்கு வகுப்பில் வருடம் முழுக்கச் சொல்லித் தேய்ந்த ஏழாம் வாய்ப்பாடு.

முதலில் நின்றபடியே சொல்லிப் பார்த்தேன். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று தொடங்கி, அழுத்தாமல் ஒரே மூச்சில் ஏழேழு நாற்பத்தொன்பது வரை போனது. பிறகு ஒவ்வொரு சுற்றையும் கொஞ்சம் வேகமாக்கி, சுற்றின் கடைசி நிமிடத்தில் மட்டும் சொன்னேன். வேகத்தை மாற்றியதும் மூச்சு உடனே மாறுவதில்லை, ஓரிரு நிமிடம் பின்தங்கித்தான் வருகிறது. மாற்றிய உடனே சோதித்தால் பழைய வேகத்தின் மூச்சைத்தான் அளப்போம்.

9:50 சுற்றில் நாலேழு இருபத்தெட்டு வரை நிதானமாக வந்தது. 9:15இல் மூன்று வரி வந்தது, ஆனால் மூன்றாவது வரியின் கடைசியில் ஒரு அவசரம். 8:40இல் ஈரேழு பதினாலு தாண்டி "மூவேழு இருப" என்று வார்த்தை பாதியிலேயே அறுந்தது. டீக்கடையில் நின்ற ஒருவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"பேச முடிகிறதா?" என்று கேட்டதுதான் என் தப்பு. அதற்கு எப்போதும் ஆம் என்றுதான் பதில் வரும். "வசதியாகப் பேச முடிகிறதா?" என்று கேட்க வேண்டும். தயங்காமல் ஆம் என்றால் ஈஸி. "ஆம், ஆனால்..." என்று இழுத்தால் எல்லைக்கு வந்துவிட்டோம். எனக்கு அந்த "ஆனால்" 9:15இலேயே வந்துவிட்டது.

ஜூன் 6, வெள்ளி

ஓட்டம் இல்லை. மூச்சு ஏன் வார்த்தையை அறுக்கிறது என்று இரவு தம்பியிடம் போனில் கேட்டேன். பேச்சு முழுக்க வெளிமூச்சில்தான் ஏறி வருகிறது. நீளமாகப் பேச, வெளிமூச்சை நீட்டி, அடுத்த உள்மூச்சைத் தள்ளிப்போட வேண்டும். வேகம் கூடும்போது தசைகளிலிருந்து வரும் அமிலத்தை ரத்தம் சமன்செய்கிறது. அதில் கூடுதலாகக் கரியமிலவாயு உண்டாகிறது. அதை வெளியேற்ற உடம்பு மூச்சைத் துரிதப்படுத்துகிறது. அந்த நேரத்தில் தள்ளிப்போட இடம் கிடையாது. நம் நாக்கில் ஒரு கோளாறும் இல்லை, முறை வந்துவிட்டது என்று நுரையீரல் அவசரப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று வாயை மூடிக்கொண்டு கால்களை எண்ணினேன். ஓர் உள்மூச்சுக்கு எத்தனை அடி, ஒரு வெளிமூச்சுக்கு எத்தனை அடி. 9:50 சுற்றில் மூன்றடிக்கு உள்ளே, மூன்றடிக்கு வெளியே. நிமிடத்துக்கு 160 அடி வைக்கிறேன். ஆறடிக்கு ஒரு மூச்சு என்றால் நிமிடத்துக்கு 27 மூச்சு. 8:40இல் இரண்டுக்கு இரண்டு, அதாவது 40 மூச்சு. இடையில் 9:15இல் மூன்று உள்ளே இரண்டு வெளியே என்று நொண்டியடித்தது. வாய்ப்பாடு தடுமாறிய அதே இடம்!

இந்த எண்கள் என் உடம்புக்கானவை. தம்பி நாலுக்கு நாலில் ஓடிக்கொண்டே வீட்டுக் கடனைப் பற்றிப் பேசுவான்.

ஜூன் 10, செவ்வாய்

ஒரு முட்டாள்தனம் செய்தேன். மூன்றுக்கு மூன்றுதானே ஈஸி, அதைப் பிடித்துக்கொண்டே 8:40இல் ஓடினால்? ஒரு சுற்று ஓடினேன். எண்ணிக்கை பிசகவில்லை. ஆனால் தோள் காதுக்கு ஏறியிருந்தது, தலை லேசாகக் கனத்தது, முப்பது நாற்பது அடிக்கு ஒருமுறை தானாக ஒரு பெருமூச்சு வந்து தாளத்தை உடைத்தது. வாய்ப்பாடு ஈரேழிலேயே நின்றது.

தெர்மாமீட்டரைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கி, காய்ச்சல் இல்லை என்று சொன்ன மாதிரிதான் இதுவும். தாளத்தை நாம் வைக்கக் கூடாது. முதலில் ஓடிவிட்டு, அது எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். அந்தப் பெருமூச்சுதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. இனி ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை ஒருமுறை, வாய்ப்பாடு ஒருமுறை. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வாய்ப்பாட்டைத்தான் நம்புவேன்.

ஜூன் 13, வெள்ளி

பக்கத்து வீட்டு அக்கா நடக்க வந்தார். மிதமான வேகத்தில் நடங்க என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அக்கா பழைய பாட்டு ஒன்றை முழுசாகப் பாடிக்கொண்டே நடந்தார். நடைக்குச் சொல்லும் மிதம் என்பது பேச முடிந்து, பாட முடியாத வேகம். பாட்டில் இழுத்துப் பிடிக்கும் இடம் அறுகிற வரை வேகத்தைக் கூட்டச் சொன்னேன். கூட்டினார், பாட்டு நின்றது, மருமகள் கதை ஆரம்பித்தது. சரியான வேகம்.

ஓடுகிறவர்கள் ஈஸி என்பதும் டாக்டர்கள் மிதம் என்பதும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. பெயரைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டால் குழப்பம்தான் மிச்சம்.

ஜூன் 15, ஞாயிறு

தூங்கிவிட்டேன். 7:15க்குத்தான் ஆரம்பித்தேன், அதற்குள் வெயில் முதுகில் ஏறிவிட்டது. கைக்கடிகாரத்தில் எல்லாச் சுற்றும் 9:50 பக்கம்தான். முதல் இரண்டில் நாலேழு வரை வந்தது. மூன்றாவதில் மூவேழு. நாலாவதில் ஈரேழு, மூச்சு இரண்டுக்கு இரண்டு. வேகம் ஒன்றே, வேலை வேறு. வெயிலில் உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் இதயம் கூடுதலாக உழைக்கிறது. கடிகாரத்துக்கு இது தெரியாது. ஐந்தாவது சுற்றை 10:40க்கு இறக்கியதும், பாதிச் சுற்றுக்கு மேல் போன பிறகு நாலேழு திரும்பி வந்தது.

"காலை 5:40க்கு 9:50, வெயிலில் 10:40" என்று நோட்டில் எழுதி, இரண்டையும் அடித்துவிட்டேன். நாலு வரி என்று மட்டும் எழுதினேன்.

ஜூன் 17, செவ்வாய்

சளி. மூக்கடைப்போடு மெதுவாக ஓடியும் மூவேழைத் தாண்டவில்லை. இன்றைய அளவு செல்லாது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 21, சனி

தம்பி மறுபடி வந்தான். 9:55. மூன்றாவது சுற்றில் நானே ஆரம்பித்தேன். புளியைக் கரைச்சு வச்சுட்டு, சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் நல்லெண்ணெயில வதக்கி, தக்காளி மசிஞ்சதும் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் போட்டு, பச்சை வாசம் போனப்புறம் புளித்தண்ணியை ஊத்தி...

"வெந்தயம் போடலையா?" என்றான்.

"அது தாளிக்கும்போதே போட்டாச்சுடா, வெங்காயத்துக்கு முன்னாடி. சொல்ல மறந்துட்டேன்."