எண்ணி வாங்கிய மூவாயிரம்

திருச்சியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நான் கேஷியராகச் சேர்ந்த முதல் வாரம். காலை ஷிப்டுக்குப் போனால் சூப்பர்வைசர் அக்கா ஒரு துணிப்பையைக் கொடுப்பார். அதற்குள் மூவாயிரம் ரூபாய் சில்லறை இருக்கும். அதற்கு 'ஓபனிங் கேஷ்' என்று பெயர். கூடவே எந்தத் தாள் எத்தனை என்று எழுதிய ஒரு சீட்டும் இருக்கும். வாசலில் ஆட்கள் நின்றுகொண்டிருந்ததால் நான் எண்ணாமலேயே ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அன்று இரவு கல்லாவில் 41,260 ரூபாய் இருந்தது. ஓபனிங் மூவாயிரத்தைக் கழித்தால் 38,260. ஆனால் கம்ப்யூட்டரில் ரொக்க விற்பனை 38,360 என்று காட்டியது. நூறு ரூபாய் குறைந்தது. யாருக்காவது மீதி கூடக் கொடுத்தேனா, இல்லை காலையில் வந்த பையிலேயே ஐம்பது ரூபாய் தாள் இரண்டு குறைவாக இருந்ததா? இரண்டும் இரவுக் கணக்கில் ஒரே மாதிரிதான் தெரியும். பையில் மூவாயிரம் இருந்தது என்று கையெழுத்துப் போட்டது நான். அதனால் அந்த நூறு ரூபாய் என் சம்பளத்தில்தான் போனது.

அதற்குப் பிறகு எண்ணாமல் வாங்கியதே இல்லை. முதலில் டிராயரைத் திறந்து தட்டைத் தூக்கிப் பார்ப்பேன். முந்தின நாள் தாள் ஏதாவது அடியில் சிக்கியிருந்தால் இரவில் அது என் கணக்கில் அதிகமாக வரும். அப்புறம், கொடுத்தவரை எதிரில் நிற்கவைத்து, கேமராவுக்குக் கீழேயே எண்ணுவேன். பெரிய தாளிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு வகையையும் இரண்டு முறை எண்ண வேண்டும். இரண்டாம் முறை கட்டைத் திருப்பி மறுமுனையிலிருந்து எண்ணினால், முதல் முறை ஒட்டிக்கொண்ட புதுத்தாள் அகப்பட்டுவிடும். எண்ணி முடிக்கும்வரை சீட்டைப் பார்க்க மாட்டேன். நாற்பது என்று முன்னாலேயே தெரிந்தால், 39 தாள் இருந்தாலும் கை நாற்பது என்றுதான் எண்ணி முடிக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். சீட்டில் இருந்தது இது: நூறு 10, ஐம்பது 16, இருபது 25, பத்து 40. தாள்கள் மட்டும் 2,700. நாணயத்தில் ஐந்து ரூபாய் 30, இரண்டு ரூபாய் 50, ஒரு ரூபாய் 50 என்று 300. தாள்கள் எல்லாம் சரியாக இருந்தன. இரண்டு ரூபாய் நாணயங்களைப் பத்துப் பத்தாக அடுக்கினேன், ஐந்து அடுக்கு வந்தது. எண்ணிக்கையும் சரி. ஆனால் ஓர் அடுக்கைக் கையில் சரித்துப் பார்த்தபோது நடுவில் பழைய ஒரு ரூபாய் நாணயம் தெரிந்தது.

1990-களில் வந்த ஒரு ரூபாயும் 2011-இல் வந்த இரண்டு ரூபாயும் ஒரே அகலம், 25 மில்லிமீட்டர். எடையும் ஒன்றேதான், 4.85 கிராம். அடுக்கினாலும் தெரியாது, தராசில் போட்டாலும் தெரியாது. எண்ணைப் படித்தால்தான் உண்டு. அதனால் ஐம்பதையும் மேஜையில் பரப்பி எண் தெரியும்படி திருப்பினேன். ஆறு நாணயம் ஒரு ரூபாய். ஆக இரண்டு ரூபாய் 44, ஒரு ரூபாய் 56. நாணயங்களில் ஆறு ரூபாய் குறைந்து மொத்தம் 2,994.

அக்கா, "ஆறு ரூபாய்தானே, சாயங்காலம் பார்த்துக்கலாம்மா" என்றார். நான், "மாத்திக் கொடுத்துடுங்கக்கா, இல்லைன்னா 2,994னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றேன். பாதுகாப்புப் பெட்டியின் சாவி மேனேஜரிடம் இருந்தது, அவர் இன்னும் வரவில்லை. அதனால் சீட்டில் 3,000-ஐ ஒரே கோட்டால் அடித்துவிட்டு, பக்கத்தில் 2,994 என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். எண்ணின் மேலேயே திருத்தி எழுதினால் யார், எப்போது மாற்றினார்கள் என்று பிறகு சொல்ல முடியாது. பில்லிங் கம்ப்யூட்டரில் ஓபனிங் கேஷ் கட்டத்தில் 3,000 தானாகவே வந்து நிற்கும். அதையும் அழித்து 2,994 என்று போட்டேன். இதை விட்டுவிட்டால் காலையில் எண்ணியதற்கே அர்த்தமில்லை, இரவில் ஆறு ரூபாய் குறைவு என்றுதான் காட்டும்.

பதினொரு மணிக்கு மேனேஜர் வந்ததும் அக்கா முந்தின இரவின் கணக்குத்தாளை எடுத்துப் பார்த்தார். அதே கவுண்டரில் 'ஆறு ரூபாய் அதிகம்' என்று எழுதியிருந்தது. இரவு கேஷியர் அந்த ஆறு நாணயத்தையும் இரண்டு ரூபாயாக எண்ணியதால் அவருக்கு ஆறு கூடுதலாக வந்திருக்கிறது. இல்லாத பணம் அது. அக்கா அந்த வரியைத் திருத்திக் கையெழுத்திட்டுவிட்டு, என் சீட்டையும் அதோடு சேர்த்துப் பின் குத்தி வைத்தார்.