“ஆம்” என்ற ஒரு சொல்

என்னிடம் உதவி கேட்டு வந்த ஓர் அம்மா பையிலிருந்து முதலில் எடுத்தது, காணியை விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்று ஒப்பமிடக் கடைசி மகன் கொடுத்த விருப்பக் கடிதம். கையொப்பமிட வேண்டிய இடத்தில் பென்சிலால் சிறு பெருக்கல் குறி. “இதில் ஒப்பம் வைக்கட்டா பிள்ளை?” என்று கேட்டார். வைக்க வேண்டாம் என்றேன்.

கிளிநொச்சியில் சட்ட உதவி அலுவலராக இருக்கும் எனக்கு இது புதிதல்ல. இரணைமடுக் குளத்தின் கீழ் அந்த அம்மாவின் கணவர் பெயரில் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த வயற்காணி. நாங்கள் ‘பெர்மிட் காணி’ என்போம். கணவர் சென்ற ஆண்டு இறந்தார். மகனின் வாதம் இரண்டு: அப்பா தனக்குப் பிறகு காணியைப் பெறும் பின்னுரித்தாளராக என்னை எழுதித் தந்தார், உங்களுக்குக் கலியாணப் பதிவே இல்லை, ஆகவே உரிமையும் இல்லை.

முதல் வாதம் எளிதில் விழுந்தது. பின்னுரித்தாளர் நியமனம் உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். வீட்டில் எழுதி மடித்து வைத்த தாள் செல்லாது. பிரதேச செயலகத்துப் பதிவேட்டில் மகனின் பெயர் இல்லை. பதிவான நியமனம் இருந்தாலும், வாழ்க்கைத்துணை உயிரோடு இருக்கும்வரை காணி முதலில் அவருக்கே போகும்.

இரண்டாவதுதான் என்னைக் கவலைப்பட வைத்தது. 1979இல் கோயிலில் தாலி கட்டிய கலியாணம், பதிவு இல்லை. சாட்சி நின்றவர்களில் பலர் இறந்துவிட்டார்கள், புகைப்படங்கள் 2009 இடப்பெயர்வில் போய்விட்டன. வன்னியில் இந்தத் தலைமுறைக்கு இது பொதுவான கதை. பதிவு இல்லையென்றால் திருமணமே இல்லை என்று அலுவலக மேசைகளிலும் சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. வழக்கப்படி நடந்த திருமணம் சட்டத்தில் திருமணம்தான். பதிவு அதற்கான சிறந்த சான்று, அவ்வளவே.

பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களைப் பதிவாளரிடமிருந்து மீண்டும் எடுத்தோம். நான்கு தாள்களிலும் ‘பெற்றோர் விவாகம் செய்தவர்களா?’ என்ற கட்டத்தில் ‘ஆம்’. மூத்தவளின் தாளில் தகவல் கொடுத்தவர் தகப்பனே. அந்த மனிதர் அன்று சொன்ன ஒரு சொல் இன்று மனைவிக்குத் துணையாக நின்றது. உயிரோடிருந்த இரு உறவினர்களின் சத்தியக் கடதாசியும் சேர்த்தோம். இறப்புக்குப் பின் ஆறு மாதத்துக்குள் காணியைத் தன் வசம் எடுக்காத துணை உரிமையை இழக்கக்கூடும் என்பதால், அம்மா அங்கேயே தொடர்ந்து வாழ்கிறார் என்று கிராம அலுவலரிடம் கடிதமும் வாங்கினேன்.

அம்மாவின் பெயரில் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. இது ஆயுளுக்கு மட்டுமான உரிமை: விற்கவோ, இன்னொருவரை நியமிக்கவோ அவரால் முடியாது, மறுமணம் செய்தாலும் போய்விடும்.

“அப்படியானால் எனக்குப் பிறகு இவனுக்கா போகும்?”

காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்கு முன்பென்றால் மகள்களுக்கு முன் மகன்கள் நின்றிருப்பார்கள். இப்போது பதிவான நியமனம் இல்லாத இடத்தில் ஆண், பெண் வேறுபாடின்றி மூத்த பிள்ளைக்கு முன்னுரிமை. மூத்தவர் மகள்தானே என்றேன்.

“அவள்தான் பிள்ளை எனக்குச் சோறு போடுகிறாள்” என்று சொல்லி, அந்தக் கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.